பிரிந்திருக்கும் தோழிக்கு முதல் வார்த்தை: காத்திருப்பதா, எழுதுவதா, அழைப்பதா, நேரில் போவதா?

கணவரைப் பிரிந்து தோழி தனியாக இருக்கிறாள் என்று தெரியவருகிறது. அவள் சொல்லவில்லை; இருவருக்கும் பொதுவான ஒரு நண்பர் சொன்னார். அவளிடம் கடைசியாகப் பேசிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது என்ன செய்வது? அவளே சொல்லட்டும் என்று காத்திருக்கலாம். கைப்பேசியில் நாலு வரி எழுதலாம். அழைத்துப் பேசலாம். நேரில் போய் நிற்கலாம். இந்த நான்கில் எதைத் தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்தபின் எந்தச் சொற்களோடு தொடங்குவது என்பதுதான் இங்கே பேச்சு. அவள் மணவாழ்க்கையைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது, புத்திமதியும் சொல்லக் கூடாது. ஆனால் நாம் அவள் பக்கத்தில் இருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். பிரிந்திருப்பவர் ஆண் நண்பராக இருந்தாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை.

எந்த வழியையும் அளந்து பார்க்க நான் வைத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது அவள் தலையில் எவ்வளவு வேலையை ஏற்றுகிறது? பிரிந்திருப்பவருக்கு அந்த நாள்களில் பேசுவதே பெரிய வேலை. பெற்றோருக்கு ஒரு விளக்கம், வழக்கறிஞருக்கு ஒரு விளக்கம், வீட்டு உரிமையாளருக்கு ஒன்று, அலுவலகத்தில் விடுப்புக் கேட்கும்போது இன்னொன்று. ஒரே கதையை ஆளுக்கு ஓர் அளவாகக் குறைத்தும் கூட்டியும் சொல்லிச் சொல்லிச் சலித்திருப்பாள். விளக்கம் கேட்டு நிற்கும் அந்த வரிசையில் நாமும் போய்ச் சேர்ந்துகொள்கிறோமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இன்னொன்றையும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரிந்திருப்பது முடிந்துபோன காரியம் அல்ல. அது விவாகரத்தில் முடியலாம், மீண்டும் சேர்வதில் முடியலாம், பல ஆண்டுகள் இரண்டுமில்லாமல் இழுத்துக்கொண்டும் போகலாம். மானிடவியலாளர் பால் பொஹானன் 1970இல் மணமுறிவை ஆறு தனித்தனி முறிவுகளாகப் பிரித்துக் காட்டினார்: மனத்தில் ஏற்படுவது, சட்டத்தில் நடப்பது, பணத்தைப் பிரிப்பது, பிள்ளை வளர்ப்பைப் பிரித்துக்கொள்வது, சுற்றமும் நட்பும் கலைவது, கடைசியாகத் தனி ஆளாக நிற்கப் பழகுவது. இவை ஒன்றாக நடப்பதில்லை. மனத்தளவில் எப்போதோ விலகிவிட்ட ஒருத்தி சட்டப்படி இன்னும் மனைவியாக இருக்கலாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறிவிட்டவள் மனத்தளவில் ஓர் அடிகூட நகராமல் இருக்கலாம். செய்தி நம் காதுக்கு வந்த நாளில் அவள் எங்கே நிற்கிறாள் என்று நமக்குத் தெரியாது. ஆகவே ‘அடடா, எவ்வளவு பெரிய இழப்பு’ என்பதும் ஊகம். ‘நல்லவேளை, இப்போதாவது வெளியே வந்தாயே’ என்பதும் ஊகம். இரண்டில் எதைச் சொன்னாலும், அது தவறாக இருந்தால் நம்மைத் திருத்தும் வேலையும் அவளுக்கே வந்து சேரும்.

காத்திருப்பது

நாகரிகமான வழியாகத் தோன்றுவது இதுதான். அவளாகச் சொல்லாததை நாம் ஏன் எடுக்க வேண்டும் என்ற நியாயம் இதன் பின்னால் இருக்கிறது. ஆனால் அவள் இருக்கும் இடத்திலிருந்து இந்த மௌனத்தைப் பார்க்க வேண்டும். நமக்கு விஷயம் தெரியாதா, தெரிந்தும் ஒதுங்குகிறோமா, கணவர் பக்கம் சாய்ந்துவிட்டோமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியாது. ஏற்கெனவே சிலர் அப்படி ஒதுங்கியிருந்தால் நம்மையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பாள்.

பெரும்பாலும் நாம் பேசாமல் இருப்பதற்குக் காரணம் அவளுடைய வசதி அல்ல, நம்முடைய தயக்கம். இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது போய் நின்றால் என்ன நினைப்பாள் என்ற கூச்சம். இந்தக் கூச்சத்துக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை என்று பெக்கி லியூவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பழகியவர்களுக்கு ஒரு சிறு செய்தியையோ பரிசையோ அனுப்பியவர்கள், அதைப் பெற்றவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். தொடர்பு எவ்வளவு எதிர்பாராததாக இருந்ததோ அவ்வளவுக்குப் பெற்றவர்கள் அதைப் பாராட்டினார்கள். நீண்ட இடைவெளி தடையாக இருக்கும் என்று நாம் பயப்படுகிறோம். பெறுகிறவருக்கு அதுவே கூடுதல் மகிழ்ச்சியாகிவிடுகிறது.

ஆனால் ஓர் இடத்தில் காத்திருப்பதே சரி என்று நினைக்கிறேன்: செய்தி நமக்கு வந்த வழி சரியில்லாதபோது. தன்னைப் பற்றிய அந்தரங்கச் செய்தியை மக்கள் தமக்குச் சொந்தமான பொருளாகவே கருதுகிறார்கள் என்றும், யாருக்கு எவ்வளவு சொல்வது என்ற உரிமை மீறப்படும்போதுதான் உறவுகள் குலைகின்றன என்றும் சாண்ட்ரா பெட்ரோனியோ என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் விளக்கியிருக்கிறார். இதை ஒரு சோதனையாக மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இதைச் சொன்னவர், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதே சொற்களில் சொல்லியிருப்பாரா? ஆம் என்றால் அந்தச் செய்தி திறந்துவிட்ட செய்தி. தெரியும் என்று நேராகவே சொல்லலாம். ‘உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அவளுக்குத் தெரிய வேண்டாம்’ என்று வந்திருந்தால் அது நமக்கு வந்திருக்கவே கூடாத செய்தி. அப்போது பிரிவைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. தொடர்பை மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம். எப்போதும் எழுதுவதைப்போல ஒரு சாதாரணச் செய்தி. அவள் சொல்ல நினைத்தால் அதுவே அவளுக்கு வாசலாகிவிடும்.

எதுவும் தெரியாததுபோல் பாவனை செய்வது மட்டும் கூடாது. ‘அவர் எப்படி இருக்கிறார்? வீட்டில் எல்லோரும் நலமா?’ என்று தெரிந்துகொண்டே கேட்பது தூண்டில் போடுவதாகும். நமக்கு முன்பே தெரியும் என்பது பின்னால் வெளிப்படும்போது அந்தக் கேள்வி அவள் நினைவில் வேறு நிறத்தில் நிற்கும்.

அழைப்பதும் நேரில் போவதும்

குரலுக்கு இருக்கும் நெருக்கம் எழுத்துக்கு இல்லை என்பது உண்மைதான். அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரோடு மீண்டும் தொடர்புகொள்ளச் சிலரிடம் தொலைபேசியிலும் சிலரிடம் மின்னஞ்சலிலும் பேசச் சொன்னார்கள். தொலைபேசியில் பேசுவது சங்கடமாக இருக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். பேசிய பிறகு அந்தச் சங்கடம் ஏற்படவில்லை, நெருக்கம் மட்டும் கூடியிருந்தது. இதைப் படித்துவிட்டு உடனே அழைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த ஆய்வில் பேசியவர்கள் விட்டுப்போன நட்பைத் தொட்டவர்கள்; வாழ்க்கை குலைந்துகிடக்கும் ஒருவரை அழைத்தவர்கள் அல்லர்.

முன்னறிவிப்பில்லாத அழைப்பில் இருக்கும் சிக்கல், அது அந்த நொடியிலேயே பதில் கேட்கிறது என்பதுதான். அவள் பேருந்தில் இருக்கலாம், குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கலாம், அவரும் அதே வீட்டில் அடுத்த அறையில் இருக்கலாம். பிரிவதென்று முடிவெடுத்த பிறகும் வீட்டு வாடகையை முன்னிட்டோ பிள்ளைகளின் தேர்வை முன்னிட்டோ சில மாதங்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் உண்டு. எடுத்தால் குரலைச் சரிசெய்துகொண்டு பேச வேண்டும். எடுக்காவிட்டால் பிறகு திருப்பி அழைக்க வேண்டும் என்ற கடன் ஏறும். குரல்பதிவு அனுப்புவது நடுவழியாகத் தோன்றும். ஆனால் அதைக் கண்ணால் மேய்ந்து பார்க்க முடியாது, தனியிடம் தேடிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். போதாக்குறைக்கு, பதிவு செய்யும்போது நம் குரல் தானாகவே கனத்துப்போய்விடுகிறது. அந்தக் கனத்தைக் கேட்டு அவள் நம்மைத் தேற்ற நேரும். முதல் தொடர்புக்குக் குரல்பதிவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அழைப்பை நான் இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்வேன். அவள் ஒரு வரியாவது பதில் எழுதிய பிறகு, ‘ஞாயிற்றுக்கிழமை 11 மணிவாக்கில் அழைக்கிறேன். எடுக்கத் தோன்றாவிட்டால் விட்டுவிடு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்’ என்று எழுதிவிட்டு அழைக்கலாம். மணி ஒலிக்கும்போது எடுப்பதும் விடுவதும் அவள் கையில். எடுக்காவிட்டால் அதே நாளில் மறுபடி அழைக்கக் கூடாது. அழைத்தால் முதலில் சொன்னது பொய்யாகிவிடும்.

நேரில் போவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பே கதவைத் தட்டாமல் உள்ளே போய்வரும் பழக்கம் இருந்தால் போகலாம். இல்லையென்றால் வேண்டாம். வீடு கிடக்கும் நிலை, அலமாரியில் காலியாக இருக்கும் பாதி, சுவரில் படம் கழற்றிய தடம் எல்லாம் விருந்தாளியின் கண்ணில் படும். எதுவும் கேட்காமலேயே துருவியதாக ஆகிவிடும்.

எழுதுவது

ஆகவே பெரும்பாலான சூழல்களில் முதல் தொடர்புக்கு எழுத்துச் செய்தியே ஏற்றது என்பது என் முடிவு. அவள் விரும்பும் நேரத்தில் படிக்கலாம், பாதியில் நிறுத்தலாம், பதில் சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் எழுத்து என்பதாலேயே அது பாரமில்லாததாகிவிடாது. நல்ல மனத்தோடு அவசரத்தில் எழுதும் செய்தி அநேகமாக இப்படித்தான் வரும்:

‘எப்படி இருக்கிறாய்? நீயும் அவரும் பிரிந்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா? எனக்கு மனசே சரியில்லை. எவ்வளவு பொருத்தமான ஜோடி நீங்கள்! என்னதான் நடந்தது? எதுவானாலும் தைரியமாக இரு, எல்லாம் சரியாகிவிடும். எந்த உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேள்.’

இதில் தீய எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் பெற்றவளின் வேலையை எண்ணிப் பாருங்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதில் ஒன்று அவள் வாழ்க்கையின் முழுக்கதையைக் கேட்கிறது. நம் மனசு சரியில்லாததற்கு ஆறுதல் சொல்ல வேண்டும். ‘பொருத்தமான ஜோடி’ என்று படிக்கும்போது, வெளியே தெரிந்ததற்கும் உள்ளே நடந்ததற்கும் இருந்த தூரத்தை நினைத்து ஒன்று கசப்பாள் அல்லது குற்றவுணர்வு கொள்வாள். ‘தைரியமாக இரு’ என்பது புத்திமதி. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பது நம்மால் காப்பாற்ற முடியாத வாக்கு.

கடைசி வரியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதை அன்பின் உச்சமாகவே நாம் எல்லோரும் எழுதுகிறோம். எந்த உதவியும் கேட்கலாம் என்றால், அவள் முதலில் தனக்கு என்ன தேவை என்று யோசிக்க வேண்டும். அதில் எது நம்மால் முடியும், எதைக் கேட்டால் நாம் நெளிவோம் என்று கணிக்க வேண்டும். பிறகு கூச்சத்தை விட்டுக் கேட்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யும் தெம்பு இருப்பவருக்கு நம் உதவி அவ்வளவாகத் தேவைப்படாது. உதவி என்று பெயர் சூட்டித் தருவதிலும் ஒரு சங்கடம் உண்டு. நியூயார்க்கில் வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைவரையும் வைத்து நைல் போல்ஜர் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றவர் கவனிக்காமலே கிடைத்த ஆதரவுதான் மனச்சோர்வைக் குறைத்தது. ஆதரவு தரப்படுகிறது என்று உணர்வதற்கே ஒரு விலை இருந்தது. தன்னால் முடியவில்லை என்பதை அது நினைவூட்டிவிடுகிறது. ஆகவே முதல் செய்தியில் உதவி என்ற பேச்சையே எடுக்காமல் விடுவது நல்லது என்பேன். பின்னால் தரும்போதும் நாம் எப்படியும் செய்யப்போகிற காரியத்தோடு சேர்த்துத் தரலாம்: ‘சனிக்கிழமை காலை நூலகத்துக்குப் போகிறேன். உன் பக்கமாகத்தான் வருவேன். வரத் தோன்றினால் ஏறிக்கொள்.’

அந்தச் செய்தியை இப்போது மாற்றி எழுதலாம்.

‘இரண்டு நாளாக உன் நினைவாகவே இருந்தது, அதனால் எழுதுகிறேன். நீயும் அவரும் இப்போது தனித்தனியாக இருப்பதாக நம் பொது நண்பர் சொன்னார். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது, நீ சொல்லவும் வேண்டியதில்லை. நான் இங்கேதான் இருக்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம். அடுத்த வாரம் நானே எழுதுகிறேன்.’

இதில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. அனுப்பும் முன் கண்ணால் தேடிப் பார்க்க வேண்டியது அதைத்தான். கேள்வி இருந்தால் அதைக் கேள்வியல்லாத வாக்கியமாக மாற்றலாம், முடியாவிட்டால் அடித்துவிடலாம்.

முதல் வரியில் பிரிவைப் பற்றிய சொல் எதுவும் இல்லாததற்கும் காரணம் உண்டு. கைப்பேசியின் பூட்டிய திரையில் செய்தியின் தொடக்கம் தெரியும். அது மேசைமேல் கிடக்கும்போது பிள்ளையோ, அம்மாவோ, பக்கத்து இருக்கைக்காரரோ படித்துவிடலாம். எவர் கண்ணில் பட்டாலும் பாதகமில்லாத வரியை முன்னால் வைத்து, விஷயத்தை இரண்டாவது வரிக்குத் தள்ளுவது சிறிய காரியம்தான். எழுதுகிறவர்கள் இதை அநேகமாக மறந்துவிடுகிறார்கள்.

‘தனித்தனியாக இருப்பதாக’ என்ற சொல்லாட்சி நிகழ்ந்ததை மட்டும் சொல்கிறது. யார் யாரை விட்டார்கள், இது நிரந்தரமா என்ற கேள்விகளுக்குள் அது நுழைவதில்லை. நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று எல்லை வகுப்பதால், தன் கதை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற கவலையும் அவளுக்குக் குறைகிறது. சொன்னவர் யார் என்பதையும் அந்த நண்பரின் பெயரைப் போட்டே எழுதுவது நல்லது. ‘கேள்விப்பட்டேன்’ என்று மொட்டையாக விட்டால் ஊரே பேசுகிறது என்று தோன்றும். ஆனால் அந்த நண்பருக்கு இதில் ஆட்சேபம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகே பெயரைச் சேர்க்க வேண்டும்.

பதில் வேண்டாம் என்பதை வேறு வடிவங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘நேரம் கிடைக்கும்போது பதில் எழுது’ என்பது பெருந்தன்மையாக ஒலிக்கிறது; உண்மையில் அது தவணை நீட்டித்த கடன். ‘நீ பேசத் தயாராகும்போது பேசு’ என்பது இன்னும் மோசம். அவள் ஒருநாள் பேசியே ஆக வேண்டும் என்று முடிவுகட்டிவிடுகிறது. பதில் எழுத வேண்டாம் என்று மட்டும் சொன்னாலும் பேச்சை முடித்துக் கதவைச் சாத்துவதாகத் தோன்றலாம். ‘அடுத்த வாரம் நானே எழுதுகிறேன்’ என்பதைச் சேர்க்கும்போதுதான் அது சமன்படுகிறது: அடுத்த அடி எடுத்துவைப்பது நம் பொறுப்பு. அப்படி எழுதிவிட்டால் எழுதியே தீர வேண்டும். முடியாதென்றால் அந்த வரியைச் சேர்க்காமல் இருப்பதே மேல்.

பதில் வந்தால், வராவிட்டால்

பதில் மூன்று விதமாக வரும். ஓர் இதயக் குறியோ ‘நன்றி’ என்ற ஒற்றைச் சொல்லோ வந்தால் செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு மறுபதில் வேண்டாம். அடுத்த வாரச் செய்தியில் பிரிவைத் தொடாமல் பழைய பேச்சுப் பொருள் ஒன்றைத் தொடலாம்: இருவரும் படிக்கும் எழுத்தாளரின் புதிய நூல், அவளைச் சிரிக்கவைக்கும் ஒரு செய்தித் துணுக்கு. அவள் இப்போது ‘பிரிந்தவள்’ என்ற ஒரே அடையாளமாகச் சுருங்கிப்போகவில்லை என்பதை இது எந்த விளக்கமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, கொட்டித்தீர்க்கும் நீண்ட பதில். இங்கேதான் நல்லவர்களும் சறுக்குகிறார்கள். ‘என் அக்காவுக்கும் இப்படித்தான் ஆயிற்று’ என்று தொடங்கினால் பேச்சு அக்காவிடம் போய்விடும். ‘அவர் இப்படிப்பட்டவர் என்று எனக்கு அப்போதே தோன்றியது’ என்றால், அடுத்த மாதம் அவர்கள் சேர்ந்துவிடும்போது நாம் விரோதியாகிவிடுவோம். அவள் எழுதியதிலிருந்தே ஒன்றை எடுத்துச் சொல்வது போதும்: ‘இரவில் தூக்கம் வராமல் இத்தனை வாரமா. படித்தேன், முழுவதும் படித்தேன்.’ அவள் சொன்னதற்கு மேல் ஓர் அடிகூட வைக்காத வாக்கியம் அது.

மூன்றாவது வகைதான் கடினம்: ‘நான் செய்தது சரியா? நீ என்ன நினைக்கிறாய்?’ அவளே கேட்டுவிட்டாளே, இனி சொல்லலாம் என்று தோன்றும். முதல் வாரங்களில் வரும் இந்தக் கேள்வி பெரும்பாலும் கருத்தைக் கேட்பதில்லை. தான் தனியாக இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளக் கேட்பது. ‘நீ இதை எவ்வளவு நாள் யோசித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். சரி, தவறு என்று சொல்லும் அளவுக்கு எனக்கு உள்விவரம் தெரியாது. நீ எந்த முடிவெடுத்தாலும் நமக்குள் எதுவும் மாறாது’ என்று எழுதலாம். வழக்கறிஞர் யார், வாடகை வீடு எங்கே கிடைக்கும் என்பதைப் போன்ற தகவலைக் கேட்டால் தெரிந்ததைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். அது அவள் வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

கேட்கக் கூடாது என்ற இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அடிதடி நடந்ததாகவோ, வீட்டுக்குள் அவளுக்குப் பயம் இருப்பதாகவோ, உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்பதுபோலவோ அவள் சொற்களில் ஏதேனும் தெரிந்தால் நாகரிகம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ‘நீ இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறாயா?’, ‘உயிரை விடும் எண்ணம் வருகிறதா?’ என்று நேரடியாகக் கேட்க வேண்டும்; எழுத்தை விட்டுவிட்டு அழைக்க வேண்டும், தேவையானால் போய் நிற்க வேண்டும், உரிய உதவியாளரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பதிலே வராவிட்டால்? நாம்தான் வேண்டாம் என்று சொன்னோம். சொன்னபடி அடுத்த வாரம் எழுதிவிட்டு, பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஒற்றை வரி போதும். ‘நான் எழுதியது கிடைத்ததா’ என்ற கேள்வி எந்த வரியிலும் வரக் கூடாது. செய்தி குறைந்தால் அவளுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால் பல மாதங்களுக்கு முற்றிலும் நின்றுபோகக் கூடாது. பொஹானன் சொன்ன ஐந்தாவது முறிவு, சுற்றமும் நட்பும் கலைவது, மற்றவர்கள் ஓய்ந்துபோகும் அந்த மாதங்களில்தான் உறைக்கிறது.

எழுதும் முன்பே எதிர்பாராமல் சந்தித்துவிட்டால்

ஒரு விழாவிலோ அலுவலக மாடிப்படியிலோ அவள் எதிரே வந்துவிடுகிறாள். சுற்றிலும் ஆட்கள். இங்கே சொற்களைவிட முகமே அதிகம் பேசும். குரலைத் தாழ்த்தி, தலையைச் சாய்த்து, கையை வழக்கத்தைவிட நீண்ட நேரம் பிடித்துக்கொண்டு ‘எப்படி இருக்கிறாய்?’ என்று இழுத்தால், அறையில் விஷயம் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும். அவள் அங்கே வந்ததே ஒரு மணி நேரமாவது இதை மறந்திருக்கத்தான் என்று வைத்துக்கொண்டு, எப்போதும் வணங்கும் விதத்திலேயே வணங்க வேண்டும். ‘உன்னைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி’ என்பது இந்த இடத்துக்குப் போதுமான முழு வாக்கியம். அது பதில் கேட்பதில்லை, பொய்யும் இல்லை. பிறகு மேடையைப் பற்றியோ வழியில் பெய்த மழையைப் பற்றியோ பேச்சைத் தொடரலாம். நாம் உள்ளே வைத்திருந்ததை அன்று இரவு மேலே சொன்ன செய்தியாக எழுதிக்கொள்ளலாம்.

வாழ்த்துகளிலும் அழைப்புகளிலும் வேறொரு சிக்கல் வரும். இத்தனை ஆண்டுகளாக இருவர் பெயரையும் சேர்த்தே எழுதிவந்திருப்போம். இப்போது அவளை மட்டும் அழைத்தால் குத்திக்காட்டுவதாகுமோ என்று பயந்து, தம்பதிகள் கூடும் இடத்துக்கு அழைக்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அழைக்காமல் விடுவதைவிட அவள் பெயருக்கு மட்டும், எந்த விளக்கமும் சேர்க்காமல் அழைப்பு அனுப்புவதே நல்லது. மறுப்பது அவள் உரிமை. அந்த மறுப்பை அவளுக்காக நாம் முன்கூட்டியே எழுதிவிடக் கூடாது. மணநாள் வாழ்த்தை மட்டும் நிறுத்திவிட வேண்டும். கைப்பேசி தானாக நினைவூட்டும்படி வைத்திருந்தால் அந்த நினைவூட்டலை இன்றே நீக்கிவிடலாம்.

கணவரும் நமக்கு நண்பராக இருந்தால்? அவருக்கும் எழுதலாம், அதே அளவில். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகக் கூடாது. ‘அவள் நன்றாகத்தான் இருக்கிறாள்’ என்ற ஒரு வரியும் கொண்டுபோவதுதான். இருவருக்கும் எழுதுகிறோம் என்பதை இருவரும் அறிந்திருப்பது நல்லது. ஒளித்தால் பின்னால் அது உளவு பார்த்ததாகத் தெரியும்.

அனுப்பும் பொத்தானைத் தொடும் முன் கடைசியாக ஒரு சோதனையும் செய்துகொள்ளலாம். ஆறு மாதம் கழித்து அவர்கள் இருவரும் மீண்டும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அவள் கைப்பேசியில் ஏதோ தேடும்போது நம் செய்தி கண்ணில் படுகிறது, பக்கத்தில் இருக்கும் அவரும் அதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரில் எவரும் முகம் சுளிக்கத் தேவையில்லை என்றால் அப்படியே அனுப்பிவிடலாம்.